வாட்டர்ஃபால் சார்ட்: ‘நீர்வீழ்ச்சி வரைபடம்’ போதுமா, வேறு சொல் வேண்டுமா?

மங்கை:

நண்பர்களுக்கு வணக்கம். கணக்கியல் படிக்காத துறைத்தலைவர்களுக்காகக் கையேடு ஒன்று எழுதிவருகிறேன். பட்ஜெட் அட்டவணையைக் கண்டதும் அவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அதனால் எண்களுக்குப் பதிலாக ஒரு படமும் இரண்டு வரிகளும் தருகிறேன்.

எடுத்துக்காட்டு இது. பட்ஜெட்டில் விற்பனை 900, உபரி 120. ஆண்டு முடிவில் உபரி 96. விற்பனை 30 கூடியது. மூலப்பொருள் செலவு 400 என்று போட்டது 434 ஆனது. சம்பளம் 220இலிருந்து 214 ஆகக் குறைந்தது. போக்குவரத்து 70 என்பது 88 ஆகவும், இதரச் செலவு 90 என்பது 98 ஆகவும் கூடின. படத்தில் இடக்கோடியில் 120 உயரத்துக்கு ஒரு முழுப் பட்டை. அதன் உச்சியிலிருந்து 150 வரை ஏறும் துண்டு, அங்கிருந்து 116க்கு இறங்கும் துண்டு, பிறகு 122, 104 என்று போய், வலக்கோடியில் 96இல் இன்னொரு முழுப் பட்டை நிற்கும்.

இதை ‘நீர்வீழ்ச்சி வரைபடம்’ என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த ஒருவர், “ஏறவும் செய்கிறதே, நீர் எப்படி ஏறும்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. நல்ல சொல் உண்டா?

இளவேனில்:

‘அருவிப்படம்’ என்று சுருக்குங்கள். மூன்று நான்கு முறை பார்த்துவிட்டால் யாரும் நீர் ஏறுமா என்று கேட்கமாட்டார்கள். எலியைப் பார்த்தா கணினிச் சுட்டியைப் பிடிக்கிறோம்? உவமை தேய்ந்து பெயராகிவிடும்.

தணிகை:

இவ்வளவு சுற்றுவது ஏன்? வட்ட விளக்கப்படம் எல்லோருக்கும் தெரிந்தது. சொல்லும் ஏற்கெனவே பாடநூல்களில் இருக்கிறது. செலவுகளை அதில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

சேந்தன்:

தணிகை, மங்கை கேட்பது வேறு. மொத்தச் செலவில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதற்கு வட்டம் பொருந்தும். இங்கே கேள்வி, 120 எப்படி 96 ஆனது என்பது. சம்பளத்தில் மிச்சம் 6, போக்குவரத்தில் மிகை 18. ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். கழித்தலை வட்டத்தின் எந்தக் கூறில் வரைவீர்கள்?

சொல்லுக்கு வருகிறேன். அருவியும் வேண்டாம், நீர்வீழ்ச்சியும் வேண்டாம். கணக்குத் துறையில் பலர் இதை ‘பிரிட்ஜ்’ என்றே சொல்கிறார்கள். திட்டம் ஒரு கரை, நடப்பு மறுகரை, இடையிலுள்ள துண்டுகள் பாலத்தின் பலகைகள். ‘பாலப்படம்’ என்பது என் பரிந்துரை. உபரிப் பாலம், செலவுப் பாலம் என்று முன்னொட்டும் எளிதாகச் சேரும். பாலம் என்றதும் மறுகரையைத் தொட்டதா என்ற கேள்வி தானாக எழும். துண்டுகளைக் கூட்டினால் கடைசிப் பட்டை வராவிட்டால் படம் தவறு என்று கணக்குத் தெரியாதவரும் கண்டுகொள்வார்.

அமுதா:

சேந்தன் ஐயா சொன்ன மறுகரை எங்களுக்கு ஒருமுறை கிடைக்கவே இல்லை. எக்செலில் 2016 முதல் இந்தப் படம் `Waterfall` என்ற பெயரில் இருக்கிறது. இறுதி எண்ணையும் அது இன்னொரு ஏற்றமாகவே எடுத்துக்கொள்ளும். மங்கையின் எண்களை அப்படியே இட்டால் கடைசிப் பட்டை 96இல் தொடங்கி 192 வரை அந்தரத்தில் தொங்கும். அந்தப் பட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து `Set as total` கொடுத்தால்தான் தரையில் இறங்கி நிற்கும். நான் அதைச் செய்யாமல் கூட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். “உபரி கூடியிருக்கிறதே, பிறகு ஏன் எல்லோரும் வாடிய முகத்தோடு இருக்கிறீர்கள்?” என்றார் தலைவர்.

நிறமும் படுத்தியது. மென்பொருளுக்கு ஏற்றம், இறக்கம் மட்டுமே தெரியும். உபரியைப் படமாக்கும்போது சிக்கல் இல்லை. செலவை மட்டும் படமாக்கினால், செலவு கூடிய துண்டு ஏற்றத்துக்குரிய நிறத்தில் நல்ல செய்தி போல நிற்கும். எனவே ஏற்றம், இறக்கம் என்று காட்டும் குறிப்புக் கட்டத்தை நீக்கிவிட்டு, தனி உரைப்பெட்டியில் ‘சாதகம்’, ‘பாதகம்’ என்று எழுதி, நிறத்தை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள்.

இளவேனில்:

பாலம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்திலேயே எனக்கு ஒரு குறை தெரிகிறது. விற்பனை கூடினால் மூலப்பொருளும் கூடத்தானே செய்யும்? 30 ஏற்றமும் 34 இறக்கமும் ஒரே நிகழ்வு. இரண்டையும் சேர்த்து, 4 பாதகம் என்று ஒரே துண்டாக வரையலாமே. படம் சின்னதாகும்.

சேந்தன்:

பாதி சரி. இந்தப் பாதிதான் கூட்டங்களில் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

விலை மாறாமல், விற்ற அளவு மட்டும் கூடியது என்று கொள்வோம். 900 விற்பனைக்கு 400 மூலப்பொருள் என்பது திட்டம். அதே விகிதத்தில் கூடுதல் 30க்கு ஏறத்தாழ 13 வேண்டும். ஆனால் கூடியதோ 34. மீதி 21க்கு விற்பனை காரணமல்ல. பொருள் விலை ஏறியிருக்கலாம், வீணானது கூடியிருக்கலாம். இளவேனில் சொன்னபடி சேர்த்தால் அந்த 21, சின்ன 4க்குள் ஒளிந்துகொள்ளும்.

நான் வரைந்தால் முதல் துண்டுக்குக் ‘கூடுதல் விற்பனையின் பயன்’ என்று பெயரிட்டு 17 ஏற்றம் காட்டுவேன். அதாவது 30இலிருந்து 13 போக. அடுத்தது மூலப்பொருள் மிகை, 21 இறக்கம். மற்றவை அப்படியே. இப்போதும் முடிவு 96தான், ஆனால் தலைவர் கேட்கும் கேள்வி மாறிவிடும். விற்பனை விலையைக் கூட்டியதால் 30 வந்திருந்தால் இந்தக் கணக்குச் செல்லாது. அப்போது 34 முழுவதும் மிகைதான். எது நடந்தது என்று விற்பனைப் பிரிவிடம் கேட்காமல் இந்தப் படத்தை வரையக் கூடாது.

சம்பளத்தின் 6க்கும் ஒரு சொல். இடம் காலியாகக் கிடந்ததால் வந்த மிச்சம் என்றால் அதைத் துண்டின் மேலேயே எழுதுங்கள். சிக்கனம் என்று பாராட்டு வாங்கிவிடப் போகிறார்கள்.

மங்கை:

அந்த 13ஐ நான் யோசிக்கவே இல்லை. படத்தை மாற்றிவிட்டேன். மேலே தலைப்பாக இப்படி எழுதியிருக்கிறேன்: “உபரி திட்டத்தைவிட 24 குறைவு. மூலப்பொருளும் போக்குவரத்தும் 39 தின்றன. கூடுதல் விற்பனையும் நிரப்பப்படாத பணியிடங்களும் 23 மீட்டன. இதரச் செலவு 8 மிகை.” முன்பு ‘பட்ஜெட் ஒப்பீடு’ என்று மட்டும் போட்டிருந்தேன், அதைப் படித்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

சொல்லில் ஓர் ஐயம். கையேட்டில் இன்னொரு படமும் இருக்கிறது: விற்பனை 930இல் தொடங்கி ஒவ்வொரு செலவாகக் கழித்து உபரி 96இல் முடிவது. வடிவம் அதேதான், ஆனால் அங்கே இரண்டு கரை இல்லை. அதையும் பாலப்படம் என்பதா?

இளவேனில்:

அங்கே எல்லாம் இறக்கம்தான். என் அருவிக்கு உயிர் வந்துவிட்டது!

சேந்தன்:

ஒரே வடிவத்துக்கு இரண்டு பெயர் வைத்தால் படிப்பவர் குழம்புவார். 930ம் ஒரு கரைதான், 96ம் ஒரு கரைதான்.

அமுதா:

எனக்கு அது பாலமாகத் தெரியவில்லை, படிக்கட்டாகத் தெரிகிறது. ஆனால் ‘படிக்கட்டு வரைபடம்’ என்றால் படிபடியாகப் போகும் கோட்டுப் படம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, மோதும்.

மங்கை:

இப்போதைக்குத் திட்டத்தையும் நடப்பையும் ஒப்பிடும் படத்துக்கு ‘பாலப்படம்’ என்று எழுதிவிடுகிறேன். இரண்டாவது படத்துக்கு ‘விற்பனையிலிருந்து உபரி வரை’ என்ற தலைப்பு மட்டும் கொடுத்து, வகைப்பெயர் போடாமல் விடுகிறேன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.