சொல் வேண்டும்: ரிஸ்க் பூலிங் (இடர் பகிர்வு? இடர் குவிப்பு?)

சொல்தேடி எழுதியது:

வணக்கம். சரக்கு மேலாண்மைப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பொருளை ஒரே மையக் கிடங்கில் வைப்பது, எதை வட்டாரக் கிடங்குகளில் பிரித்து வைப்பது என்ற அத்தியாயத்தில் 'ரிஸ்க் பூலிங்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முதலில் 'இடர் பகிர்வு' என்று எழுதினேன். திரும்பப் படித்தபோது உறுத்தியது, 'இடர் குவிப்பு' என்று மாற்றினேன். அது இன்னும் உறுத்துகிறது. நல்ல சொல் சொல்லுங்கள்.

பாலிசிதாரர் எழுதியது:

இதில் தேட என்ன இருக்கிறது? காப்பீட்டில் 'இடர் பகிர்வு' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பலர் பணம் போடுகிறார்கள், ஒருவருக்கு நஷ்டம் வந்தால் எல்லாரும் தாங்குகிறார்கள். கிடங்கு தீப்பிடித்தால் யார் எவ்வளவு ஏற்பது என்பதுதானே உங்கள் கேள்வியும்? பகிர்வு போதும்.

கிடங்குமணி எழுதியது:

பாலிசிதாரர் ஐயா, தீ விபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே இடர் என்பது தேவையின் ஏற்ற இறக்கம் மட்டும். ஒரு வட்டாரத்தில் இந்த வாரம் எதிர்பார்த்ததைவிட 8 கூட விற்கும், இன்னொன்றில் 6 குறைய விற்கும். இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து சரக்கு போனால் 2 மட்டும்தான் பற்றாக்குறை. மீதி 6 ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விட்டது. யாரும் எதையும் பகிரவில்லை. பகிர்ந்தால் மொத்தம் குறையாது, இங்கே மொத்தமே குறைகிறது. அதனால் 'பகிர்வு' தப்பு.

'குவிப்பு' அதைவிட மோசம். இடரைக் குவிப்பது என்றால் எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் போடுவது என்றுதான் படிப்பவர் நினைப்பார். அந்த ஆபத்தும் மையக் கிடங்குக்கு உண்டு, ஆனால் அது வேறு விஷயம்.

வர்க்கமூலம் எழுதியது:

சொல்லை விடுங்கள், கணக்கு எளிது. 4 கிடங்கை ஒன்றாக்கினால் 4-இன் வர்க்கமூலம் 2, ஆகவே சரக்கு பாதியாகிவிடும். 9 கிடங்கு என்றால் மூன்றில் ஒரு பங்கு. பிறகு எதற்கு வட்டாரக் கிடங்கு? எல்லாவற்றையும் மையத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டியதுதான். 'மையப்படுத்தல்' என்று எழுதிவிடுங்கள்.

கிடங்குமணி எழுதியது:

பாதி சரி. பாதியாவது காப்பிருப்பு மட்டும்தான், அதாவது எதிர்பார்த்ததைவிடக் கூட விற்றால் தாங்க வைத்திருக்கும் உபரி, மொத்தச் சரக்கு அல்ல. வாராவாரம் விற்பதற்கென்று வாங்கும் சரக்கு எத்தனை இடத்தில் வைத்தாலும் விற்றே தீர வேண்டும். அந்தப் பாதியும்கூட வட்டாரங்களின் தேவை ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், ஒரே அளவு ஆடும்போதுதான் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டாரங்கள் 4. சரக்கு வந்துசேர 4 வாரம். அந்தக் காலத்தில் 95 சதவீத உறுதியோடு இருப்பு தீராமல் இருக்க வேண்டும், அதற்கான பெருக்கு எண் 1.65.

வேகமாக ஓடும் பொருள்: ஒவ்வொரு வட்டாரத்திலும் வாரம் 500 விற்கிறது, திட்டவிலக்கம் 60. ஒரு கிடங்குக்குக் காப்பிருப்பு 198, நான்குக்கும் 792. மையத்தில் வைத்தால் 396. சேமிப்பு 396.

மெதுவாக நகரும் பொருள்: வாரம் 5 விற்கிறது, திட்டவிலக்கமும் 5. ஒரு கிடங்குக்கு 16.5, அதாவது 17. நான்குக்கும் 68. மையத்தில் 33. சேமிப்பு 35.

எண்ணை மட்டும் பார்த்தால் முதல் பொருளைத்தான் மையத்துக்குக் கொண்டுவரத் தோன்றும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மையத்திலிருந்து அனுப்பினால், லாரி நிறைய ஏற்றி வட்டாரத்துக்கு அனுப்பியதற்குப் பதில், ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து சில்லறையாக அனுப்ப வேண்டும். அந்தக் கூடுதல் செலவு காப்பிருப்பைப் பொறுத்தது அல்ல, விற்பனையைப் பொறுத்தது. முதல் பொருள் ஆண்டுக்கு 1,04,000 விற்கிறது. 396 குறைக்க இத்தனைக்கும் கூடுதல் அனுப்புகூலி. அதாவது, ஒன்றை ஓராண்டு வைத்திருக்கும் செலவை மிச்சம் பிடிக்க சுமார் 263 தடவை கூடுதல் கூலி கொடுக்கிறோம். இரண்டாவது ஆண்டுக்கு 1,040 தான் விற்கிறது, அங்கே 30 தடவை போதும்.

வைத்திருக்கும் செலவு ஆண்டுக்கு விலையில் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதல் பொருளுக்குக் கூடுதல் கூலி விலையில் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நடக்கிற காரியமில்லை. இரண்டாவதுக்கு 0.67 சதவீதம் வரை தாங்கும். அதுவும் பெரிய தொகை இல்லை என்பதைக் கவனியுங்கள். மெதுவாக நகர்கிறது என்பது மட்டும் போதாது, எடைக்கும் பருமனுக்கும் விலை அதிகமாகவும் இருக்க வேண்டும். மெதுவாக நகரும் மலிவான வாஷரை வட்டாரத்திலேயே ஒரு டப்பா போட்டு வைத்துவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

'மையப்படுத்தல்' பற்றி ஒன்று. பெயின்ட்டை எல்லா நிறத்திலும் வைக்காமல் வெள்ளையை மட்டும் வைத்து, கேட்கும்போது நிறம் கலக்கிறார்களே, அதுவும் ரிஸ்க் பூலிங் தான். அங்கே மையமும் இல்லை, வட்டாரமும் இல்லை. இடத்தோடு கட்டிப்போடாத சொல்லாக வேண்டும்.

உதிரிபாகம் எழுதியது:

நான் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன். எங்களுக்கு இந்தக் கதையே பொருந்தாது. ஒரு கன்ட்ரோல் போர்டு, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆண்டுக்கு ஒன்று பழுதாகும். வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் 4 மணி நேரம். மையத்தில் வைத்தால் விமானத்தில் அனுப்பினாலும் சேராது. நாலு இடத்திலும் ஒன்று ஒன்று வைத்தே ஆக வேண்டும்.

கிடங்குமணி எழுதியது:

4 மணி நேர ஒப்பந்தம் உண்மையென்றால் சரிதான், அந்த வாடிக்கையாளருக்கு வேறு வழியில்லை. ஆனால் எல்லாரும் 4 மணி நேரத்துக்குக் காசு கொடுத்திருக்கிறார்களா? மறுநாள் போதும் என்பவர்களுக்கும் நீங்கள் அதே இருப்பிலிருந்துதான் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு, 4 வாரத்தில் மறு சரக்கு வருமென்றால், நாலு போர்டுக்குப் பதில் மையத்தில் 2 இருந்தாலே 99 சதவீதத்துக்கு மேல் உறுதி.

இவ்வளவு குறைவாக விற்கும் பொருளுக்கு மேலே போட்ட திட்டவிலக்கக் கணக்கு உதவாது. அரை போர்டை யாரும் வைக்க முடியாது, முழு எண்ணில், பாய்சான் பரவலில் போட வேண்டும்.

உதிரிபாகம் எழுதியது:

மறுநாள் ஆட்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் ஒரு இடத்தில் தீர்ந்தால் பக்கத்துக் கிடங்கிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வாங்கிக்கொள்வோம். அதற்கு என்ன பெயர்?

கிடங்குமணி எழுதியது:

அதுவும் இதேதான். சரக்கு நாலு இடத்தில் இருக்கிறது, கணக்கில் ஒரே இருப்பு.

சொல்தேடி எழுதியது:

அப்படியானால் 'நிரவல்' எப்படி? மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு நிலத்தை நிரவுகிறோம். ஒரு வட்டாரத்தின் மேடு இன்னொன்றின் பள்ளத்தை நிரப்புகிறது. ஆசிரியர் பணி நிரவல் என்று செய்தித்தாளிலும் பழகிய சொல். 'தேவை நிரவல்' என்று வைக்கலாமா?

பாட்டுக்காரி எழுதியது:

நிரவல் என்றதும் எனக்குக் கச்சேரிதான் ஞாபகம் வருகிறது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது போல இந்த மடலாட்டமும் போகிறது. :) தடையாகச் சொல்லவில்லை, சொல் நன்றாகவே இருக்கிறது.

கிடங்குமணி எழுதியது:

நிரவல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் 'தேவை நிரவல்' வேண்டாம். தொழிற்சாலையில் இந்த மாத ஆர்டரைக் கொஞ்சம் அடுத்த மாதத்துக்குத் தள்ளி உற்பத்தியைச் சமன் செய்வார்கள், படிப்பவர் அதை நினைப்பார். அது காலத்தில் நிரவுவது. இது வட்டாரங்களுக்கிடையே நிரவுவது. தேவை இங்கே மாறுவதே இல்லை, அதன் ஆட்டம்தான் அடங்குகிறது. 'இடர் நிரவல்' பொருந்தும்.

பாடத்தில் இந்தச் சொல்லோடு ஒரு எச்சரிக்கையையும் சேருங்கள். எல்லா வட்டாரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் நிரவ எதுவும் இருக்காது. கேரி எப்பன் 1979-இல் எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது:

```
σ_மொத்தம் = σ × sqrt(n + n(n-1)ρ)
```

n கிடங்குகளின் எண்ணிக்கை, σ ஒரு வட்டாரத்தின் திட்டவிலக்கம், ρ இரண்டு வட்டாரங்கள் எந்த அளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவு. 4 கிடங்குக்கு ρ சுழியமானால் 2σ. ρ 0.5 ஆனால் 3.16σ. மெதுவாக நகரும் அந்தப் பொருளின் காப்பிருப்பு 33-க்குப் பதில் 52 ஆகிவிடும், சேமிப்பு பாதிக்கும் கீழே. ρ ஒன்றானால் சேமிப்பே இல்லை.

வர்க்கமூலம் எழுதியது:

ஒட்டுறவு எங்கே கிடைக்கும்? இரண்டு வட்டாரங்களின் வார விற்பனையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஸ்ப்ரெட்ஷீட்டில் CORREL கொடுத்தால் போதும்தானே?

கிடங்குமணி எழுதியது:

அப்படித்தான் நானும் ஒரு தடவை ஏமாந்தேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு மின்சாதனத்துக்கு விற்பனைகளின் ஒட்டுறவு 0.8 வந்தது. 'நிரவ முடியாது' என்று அறிக்கை எழுதி, நாலு கிடங்கிலும் தனித்தனியாகக் காப்பிருப்பு வைக்கச் சொன்னேன். ஓராண்டு கழித்துத்தான் உறைத்தது: நாலு வட்டாரத்திலும் வெயில் காலத்தில் விற்பனை ஏறும், மழைக்கு இறங்கும். அந்த 0.8 பருவத்தின் ஒட்டுறவு. பருவம் முன்கூட்டியே தெரிந்ததுதானே, அதை முன்கணிப்பே பார்த்துக்கொள்ளும். காப்பிருப்பு வைப்பது முன்கணிப்புத் தப்புவதற்காக. எனவே விற்பனையிலிருந்து முன்கணிப்பைக் கழித்து, மிச்சத்துக்கு ஒட்டுறவு பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது 0.1 தான் இருந்தது. வீணாக வாங்கி அடுக்கிய சரக்கை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் நடக்கும். மிச்சத்தின் ஒட்டுறவு குறைவாக இருக்கும், ஆனால் விற்பனைப் பிரிவு முன்கணிப்புக்காரரிடம் சொல்லாமல் எல்லா வட்டாரத்திலும் ஒரே வாரத்தில் விலையைக் குறைத்துவிடும். நாலும் சேர்ந்து தாவும். கழித்துப் போட்ட நிரலில் ஒரே வாரத்தில் நாலு பெரிய கூட்டல் எண்கள் தெரிந்தால் அதுதான் அடையாளம்.

சொல்தேடி எழுதியது:

நன்றி. அத்தியாயத்தில் 'இடர் நிரவல்' என்று வைக்கிறேன். உதிரிபாகம் சொன்ன பக்கத்துக் கிடங்கிலிருந்து வாங்குவதற்கு 'இருப்பு நிரவல்' என்றும் போடலாமா?

உதிரிபாகம் எழுதியது:

போடலாம், ஆனால் எங்கள் ஆட்கள் அதைக் 'கைமாத்து' என்றுதான் சொல்கிறார்கள். அதை மாற்ற முடியாது.

பாலிசிதாரர் எழுதியது:

காப்பீட்டுப் பாடத்தில் பூலிங்குக்கும் இனி 'நிரவல்' என்று எழுத வேண்டுமா? அங்கேயும் பிரீமியம் வாங்கும்போது பலரின் ஆட்டம் அடங்குவதைத்தான் கணக்கிடுகிறோம். 'பகிர்வு' என்று இத்தனை நாள் எழுதியது பாதித் தப்போ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

கிடங்குமணி எழுதியது:

நஷ்டத்தை யார் எவ்வளவு ஏற்பது என்ற பேச்சுக்குப் பகிர்வு சரி. பிரீமியம் கணக்குக்கு நிரவல். உங்கள் துறையினர் இரண்டு சொல்லை ஏற்பார்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.