கனடா விசிட் விசா மறுப்பு: கடிதத்தின்ர தமிழ் சரியோ?

உப்புவெளி_மகன்: அக்காவின்ர பிரசவத்துக்கு ஆறு மாதம் நிக்கவெண்டு அம்மாவுக்குப் போட்டது, மறுத்திட்டாங்கள். கடிதத்தைத் தமிழில எழுதித் தந்தவர், "திரும்பி வரமாட்டீர் என நிரூபணமாகியுள்ளது, R179(b) சட்டத்தை மீறியுள்ளீர்" எண்டு எழுதியிருக்கிறார். அம்மா நல்லாப் பயந்திட்டா. காரணம் மூண்டு: கனடாவுக்கு வெளியில குடும்பப் பிணைப்புக் காணாது, நோக்கம் தற்காலிகத் தங்கலோட பொருந்தேல்லை, பணநிலை காணாது. பாங்கில 18 இலட்சம் காட்டினனாங்கள்.

கடற்கரைவீதி: 60 நாளுக்குள்ள அப்பீல் போடுங்கோ, விசா தருவாங்கள்.

கோட்டையடி: 60 நாள் சரி, ஆனா அது அப்பீல் இல்லை. பெடரல் கோர்ட்டில மீளாய்வு கேக்கிறது. வென்றாலும் கோர்ட் விசா தராது, வேற அதிகாரி திரும்பப் பாக்கச் சொல்லும். உங்களுக்குப் புது விண்ணப்பம்தான் சரி.

முதல்ல தமிழைத் திருத்துங்கோ. கடிதத்தில உள்ளது "திரும்பிப் போவீர்கள் எண்டு எனக்குத் திருப்தியில்லை" எண்டுதான். R179(b) எண்டது, தங்கல் முடிய வெளியேறுவீர்களெண்டு அதிகாரி திருப்திப்பட வேணுமெண்ட விதி; ஒருத்தரும் குற்றம் சாட்டேல்லை. அந்த மூண்டு வரியும் எல்லாருக்கும் வாற அச்சு வசனம். உண்மையான காரணம் அதிகாரியின்ர குறிப்பில இருக்கும். கடிதத்தோட அது வரேல்லையெண்டா, அம்மா IMM 5744 சம்மதப் படிவத்தில கையெழுத்து வைக்க, அக்கா அங்கயிருந்து 5 டொலர் கட்டிக் கேக்கலாம்.

18 இலட்சம் எப்ப பாங்குக்கு வந்தது?

உப்புவெளி_மகன்: விண்ணப்பத்துக்கு 11 நாள் முந்தி. நிலாவெளிக் காணி வித்த காசு. அதுக்கு முதல் 40,000 அளவிலதான் இருந்தது.

மூதூர்த்தம்பி: எனக்குப் படிப்பு விசா மறுத்தவங்கள். புது பாஸ்போட் எடுத்து, பழைய மறுப்பைச் சொல்லாமப் போடலாமெண்டு ஒருத்தர் சொன்னார்?

கோட்டையடி: தம்பி, செய்யாதேங்கோ. படிவத்திலேயே முந்தி மறுத்ததோ எண்டு கேக்கிறாங்கள். மறைச்சுப் பிடிபட்டா 5 வருசத் தடை.

உப்புவெளி, இடறினது அந்த 11 நாள்தான். 40,000 திடீரெண்டு 18 இலட்சமானா, கைமாத்து வாங்கிக் காட்டின காசெண்டு நினைப்பாங்கள். காணி விற்பனை உறுதியின்ர பிரதியும், வாங்கினவர் காசு போட்ட பாங்குப் பதிவும் சேருங்கோ. ரெண்டிலயும் தொகை ஒத்திருக்க வேணும். தமிழ், சிங்களக் கடதாசி எல்லாத்துக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின்ர ஆங்கிலப் பிரதி வேணும்.

ஆறு மாதம் கேட்டதும் பிழை. வைத்தியர் பிரசவத் திகதி போட்டுக் குடுக்கிற கடிதத்தை வைச்சு, அதைச் சுத்தி எட்டுக் கிழமை கேளுங்கோ. அம்மாவின்ர பேர் உள்ள உங்கட பிறப்புச் சான்றிதழ், ரெண்டுபேரும் ஒரே வீடெண்ட கிராம சேவகர் சான்றிதழ், வீட்டு உறுதி மூண்டும் போனா முதலாவது காரணத்துக்கு மறுமொழி. அம்மா விதவையெண்டா இது இன்னும் முக்கியம், கனடாவில மகள் இருக்கிறதுதான் அவங்கட கண்ணுக்குப் பெரிசாத் தெரியும்.

உப்புவெளி_மகன்: விளங்குது அண்ணா. பிரசவத்துக்கு மூண்டு மாதந்தான் இருக்கு. குறிப்பு வருமட்டும் காத்திருக்கவோ?

கோட்டையடி: குறிப்புக்கு 30 நாள் கணக்கு, பிந்தியும் வரும். நானெண்டா இண்டைக்கே கேட்டுப்போட்டு, கடதாசியளைத் தயார்ப்படுத்துவன்.

கடற்கரைவீதி: காத்திருக்காம உடன புது விண்ணப்பம் போடுறதுதான் நல்லமெண்டு சொல்லுவன்.