இயந்திரம் உள்ளுக்குள்ளேயே கைமாறியது, இரண்டாம் வருடம் 50,000 ராண்ட் உதைக்கிறது

சாட்ஸ்வொர்த் கணக்கர்: வணக்கம். எங்கள் குழுமத்தின் 70% துணை நிறுவனம் 2023 மார்ச் 1 அன்று ஒரு பேக்கிங் இயந்திரத்தைத் தாய் நிறுவனத்துக்கு 900,000 ராண்டுக்கு விற்றது. அன்று புத்தக மதிப்பு 600,000, மீதி ஆயுள் 6 வருடம். போன வருட ஒருங்கிணைப்பில் 300,000 இலாபத்தை எடுத்துவிட்டு, அதிகத் தேய்மானம் 50,000-ஐத் திரும்ப எழுதினோம். 2025 பிப்ரவரி கணக்கில் தொடக்கத் தக்கவைத்த இலாபத்தில் 300,000 பற்று, இவ்வருடத் தேய்மானத்தில் 50,000 வரவு போட்டேன். இருதரப்பும் சமமாகிறது. ஆனால் தொடக்க இருப்பு போன வருட முடிவோடு சேரவில்லை. இரண்டு நாளாகத் தேடுகிறேன்.

பீனிக்ஸ்வாசி: எங்களுக்கும் இதே தொல்லைதான். துணை நிறுவனம் அனுப்பிய சரக்கு கிடங்கிலேயே கிடக்கிறது. விற்றவுடன் இலாபம் தானாக வெளிவந்துவிடும், கவலை வேண்டாம்.

மூத்த தணிக்கையாளர்: ஐயா, அது சரக்கு. இயந்திரத்தை யாரும் வெளியே விற்கப்போவதில்லை. தேயத் தேயத்தான் அந்த இலாபம் கரையும்.

தம்பி, விற்பனையே நடக்கவில்லை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 600,000 முதல் வருடம் 500,000, இப்போது 400,000. தாய் நிறுவனப் புத்தகத்தில் 600,000 இருக்கிறது. ஆகவே குறைக்க வேண்டியது 200,000. நீங்கள் 250,000 குறைத்திருக்கிறீர்கள்.

ஒருங்கிணைப்புப் பதிவுகள் எந்த நிறுவனத்தின் பேரேட்டிலும் ஏறுவதில்லை, வருடாவருடம் புதிதாகப் போட வேண்டும். போன வருடத்து அதிகத் தேய்மானம் 50,000 தாய் நிறுவனத்தின் தக்கவைத்த இலாபத்தை ஏற்கெனவே குறைத்துவிட்டது. அதனால் தொடக்கத்தில் 250,000 மட்டும் எடுங்கள்.

பினாங் அக்கா: அப்படியானால் 250,000 முழுதையும் தாய் நிறுவனப் பங்குதாரர் பக்கமே போட்டுவிடலாமே?

மூத்த தணிக்கையாளர்: தொகை சரிதான் அம்மா, ஆனால் விற்றது துணை நிறுவனம். இலாபம் அதன் புத்தகத்தில் இருப்பதால் சிறுபான்மைப் பங்குதாரரும் 30% சுமக்க வேண்டும். தாய் நிறுவனம் விற்றிருந்தால் நீங்கள் சொன்னதே போதும். முதலில் ஒத்திவைத்த வரியைக் கழியுங்கள்: 250,000-க்கு 27%, அதாவது 67,500. மிச்சம் 182,500-இல் சிறுபான்மைக்கு 54,750, தாய்க்கு 127,750. இவ்வருடம் 50,000 திரும்பும்போது வரிச் சொத்தும் 13,500 குறைந்து 54,000 ஆகும்.

சாட்ஸ்வொர்த் கணக்கர்: போட்டுப் பார்த்தேன் ஐயா. இயந்திரம் 400,000-இல் நிற்கிறது, மொத்தத் தொடக்க இருப்பும் சேர்ந்துவிட்டது. போன வருடத் தாளைத் திறந்தால் சிறுபான்மைப் பங்கைத் தொடவே இல்லை. இனி முந்தைய வருட எண்களையும் திருத்த வேண்டுமா?

மூத்த தணிக்கையாளர்: தொகை முக்கியத்துவம் வாய்ந்ததா என்பதைப் பொறுத்தது, குழுமத்தின் அளவு தெரியாமல் சொல்ல மாட்டேன். இன்னொன்று: இயந்திரத்தை வருமான வரிச் சட்டம் 45-ஆம் பிரிவின் கீழ் மாற்றினார்களா? அப்படியென்றால் வரிக் கணக்கில் பழைய மதிப்பே தொடரும். நான் சொன்ன 67,500-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் கணக்கர்: விற்பனை ஒப்பந்தம் என்னிடம் இல்லை ஐயா. திங்கட்கிழமை வரிக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.