பில்லர் ஓரத்தில் பைப் பெட்டி: தளம் தாங்குமா?

ஓசூர் தளப்பணி: ஓசூரில் ஒரு கிடங்கின் முதல் தளம். பீம் கிடையாது. 200 மி.மீ. தளம் 300 மி.மீ. சதுர பில்லர்கள் மேல் நேரடியாக உட்காருகிறது. பில்லர் இடைவெளி இரு பக்கமும் 6 மீட்டர், கான்கிரீட் எம் 25. நடு பில்லர் ஒன்றின் முகத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி, 150 மி.மீ. சதுரப் பெட்டி வைத்துப் பைப் வழி விடும்படி பிளம்பர் கேட்கிறார். விடலாமா?

பாலக்கோடு மேஸ்திரி: தாராளமாக விடலாம். பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் இரண்டிரண்டு கம்பி, மூலைக்கு ஒரு குறுக்குக் கம்பி கொடுங்கள். இதைவிடப் பெரிய பெட்டியெல்லாம் வைத்து வார்த்திருக்கிறோம்.

தென்பெண்ணை: விடாதீர்கள். மேஸ்திரி சொல்லும் கம்பி தளம் வளைவதைத் தாங்கும். இங்கே பயப்பட வேண்டியது பில்லர் தளத்தைக் குத்திக்கொண்டு மேலே வருவதற்கு. இந்தியக் கான்கிரீட் விதியான ஐ.எஸ். 456, பில்லர் முகத்திலிருந்து பயனுறு ஆழத்தில், அதாவது தளத்தின் அடியிலிருந்து மேல்கம்பி வரையான ஆழத்தில், பாதி தள்ளி அதைச் சோதிக்கச் சொல்கிறது. ஆழம் 165 மி.மீ. என்றால் அந்தச் சதுரத்தின் பக்கம் 465, சுற்றளவு 1860 மி.மீ.

தளத்தின் எடை, பூச்சு, 4 கிலோநியூட்டன் பயன்பாட்டுச் சுமை எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 10; பாதுகாப்புக்காக 1.5 ஆல் பெருக்கினால் 15. (கிடங்குக்கு 4 குறைவு, உங்களுடையது கூடுதலாகவே இருக்கும்.) பில்லருக்கு வருவது ஏறத்தாழ 537 கிலோநியூட்டன். 1860-ஐ 165 ஆல் பெருக்கி, அதால் இந்தச் சுமையை வகுத்தால் சதுர மி.மீட்டருக்கு 1.75 நியூட்டன். எம் 25 தனியாகத் தாங்குவது 1.25 தான். குத்துவதைத் தடுக்கும் ஷியர் கம்பி போட்டாலும் 1.875-ஐத் தாண்டக் கூடாது.

இப்போது பெட்டி. பில்லர் மையத்திலிருந்து அதன் இரு ஓரங்களுக்கும் கோடு இழுங்கள். அந்தக் கோடுகளுக்கு நடுவே விழும் சுற்றளவு, சுமார் 140 மி.மீ., இல்லாததாகக் கொள்ள வேண்டும். மீதி 1720. அழுத்தம் 1.89. ஒரே பெட்டியில் எல்லை தாண்டிவிட்டது.

அரூர் வீட்டுக்காரர்: எங்கள் வீட்டு பில்லர் பக்கத்திலும் கழிவுநீர்ப் பைப் தளத்தைத் துளைத்துத்தான் இறங்குகிறது. அப்படியென்றால் அதுவும் ஆபத்தா? பில்லர் மூலையில் மயிரிழை விரிசல் வேறு தெரிகிறது.

தென்பெண்ணை: உங்கள் வீட்டில் பில்லர்களை இணைத்து பீம் ஓடுகிறதா? ஓடினால் தளத்தின் சுமை பீம் வழியாகத்தான் பில்லருக்குப் போகிறது; இந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை. விரிசலுக்கு வேறு காரணம் இருக்கும். ஒரு பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள்.

கிருஷ்ணகிரி வரைவாளர்: உங்கள் கணக்கு அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறது. ஐரோப்பிய விதி, ஆழத்தைப் போல இரு மடங்கு தள்ளிச் சோதிக்கிறது. அங்கே சுற்றளவு 3270 மி.மீட்டருக்கு மேல். உங்கள் சுமைக்கே அழுத்தம் 1-க்குக் கீழே வந்துவிடும். நம் 1.25-க்குள் நன்றாகவே அடங்குகிறதே!

தென்பெண்ணை: அவர்கள் கோட்டை எடுத்துக்கொண்டு நம் எல்லையோடு ஒப்பிடுகிறீர்கள். அது செல்லாது. கோடு தள்ளிப்போனதால் அவர்கள் அனுமதிக்கும் அழுத்தமும் இறங்குகிறது. மேல்கம்பி 1 சதவீதம் இருந்தால்கூட இந்தத் தளத்துக்குச் சுமார் 0.65 தான் கிடைக்கும். வருவதோ 0.98. அந்த விதியிலும் ஷியர் கம்பி இல்லாமல் தளம் தேறவில்லை.

கிருஷ்ணகிரி வரைவாளர்: எல்லையை மாற்றிப் பிடித்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேல்கம்பியின் அளவை அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள்; நம் சூத்திரம் கான்கிரீட்டை மட்டும் பார்க்கிறது. கம்பி நெருக்கமாக இருக்கும் தளத்துக்கு அது நியாயமில்லை என்றுதான் இன்னும் சொல்வேன். போகட்டும், எம் 40 போட்டால் தீர்ந்துவிடாதா?

தென்பெண்ணை: தாங்குதிறன் கான்கிரீட் வலிமையின் வர்க்கமூலத்தோடுதான் ஏறுகிறது. எம் 40-க்கு 1.58 கிடைக்கும். பெட்டியே இல்லாத 1.75-க்கும் அது போதாது. பில்லர் தலையில் 2 மீட்டர் சதுரத்துக்குத் தளத்தைக் கீழ்ப்புறம் 100 மி.மீ. தடிப்பாக்கி டிராப் கொடுத்தால் ஆழம் 265 ஆகிறது, அழுத்தம் 0.9-க்கு இறங்குகிறது. மேல்கம்பியை ஆட்கள் மிதித்து 25 மி.மீ. அமுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள்: டிராப் இல்லாத தளத்தில், பெட்டி இல்லாமலே 2.18.

பாலக்கோடு மேஸ்திரி: நாங்கள் வார்த்த தளங்கள் நிற்கின்றனவே?

தென்பெண்ணை: பீம் உள்ளவையாக இருக்கும், அல்லது முழுச் சுமை இன்னும் ஏறியிருக்காது. இந்த உடைவு கீழே தொய்வு காட்டி முன்னறிவிப்பது குறைவு. விரிசல் முதலில் மேல்புறம் பில்லரைச் சுற்றி வரும். அதை டைல்ஸ் மூடியிருக்கும்.

ஓசூர் தளப்பணி: சென்ட்ரிங் முடிந்துவிட்டது, டிராப் வைக்கப் பலகையைப் பிரிக்க வேண்டும். பெட்டியை 1 மீட்டர் தள்ளினால்?

தென்பெண்ணை: கழியும் சுற்றளவு 30 மி.மீட்டராகக் குறையும், அழுத்தம் 1.78. மேல் எல்லைக்குள் வருகிறது, ஆனால் ஷியர் கம்பி கட்டாயம். பக்கத்துப் பேனல்களில் சுமை சமமாக இல்லையென்றால் பில்லருக்கு வரும் திருப்பத்தையும் சேர்க்க வேண்டும். அதற்கு இடமே மிச்சமில்லை. நானாக இருந்தால் பலகையைப் பிரிப்பேன். வடிவமைத்த பொறியாளரின் கையெழுத்து வரும்வரை வார்ப்பை நிறுத்துங்கள்.

ஓசூர் தளப்பணி: பொறியாளரின் வரைபடத்தில் அந்த இடத்தில் ஷியர் கம்பியே காட்டவில்லை. இன்று மாலை அவரிடம் கேட்கிறேன்.