ஃபிரான்சைஸ் ஆஃபர் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உடுமலைவாசி
போன மாதம் கோவையில் ஒரு ஃபிரைடு சிக்கன் கம்பெனியின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஃபிரான்சைஸ் கட்டணம் 4 லட்சம், இன்டீரியர், மெஷின், முதல் ஸ்டாக் எல்லாம் சேர்த்து இன்னொரு 8 லட்சம். ராயல்டி கிடையாது, ஒப்பந்தம் மூன்று வருடம். தினம் 10,000 ரூபாய் விற்கும், 40 சதவீதம் நிற்கும், பத்தே மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று திரையில் காட்டினார்கள்.

"மூன்று வருடத்துக்கு முன்னால் திறந்த கடைகளில் எத்தனை இன்னும் அதே ஓனர் கையில் இருக்கிறது?" என்று கேட்டேன். அதுவரை மளமளவென்று பேசியவர் சட்டென்று நிறுத்தி, "உங்க ஏரியாவுக்கு ஒரு இடம்தான் சார் பாக்கி, டோக்கன் போட்டுடறீங்களா?" என்றார். கேள்விக்குப் பதில் வரவே இல்லை. அது இன்னும் மனதை அரிக்கிறது. அந்த 40 சதவீதத்தில் எதையெல்லாம் கழித்திருக்கிறார்கள்?

பவானி ஆறு
ராயல்டி இல்லை என்றால் நல்ல ஆஃபர்தானே சார். ராயல்டி வாங்கும் கம்பெனி நம் லாபத்தில் பங்கு கேட்கிறது. கேட்காதவனிடம் போவதுதான் புத்தி.

தேநீர்ப் பிரியை
பவானி ஆறு, ராயல்டி லாபத்தில் எடுப்பதில்லை, மொத்த விற்பனையில் எடுப்பது. கடை நஷ்டத்தில் ஓடினாலும் கட்டியாக வேண்டும். ராயல்டி இல்லாத கதையையும் கேளுங்கள்.

என் தம்பி எடுத்த டீக்கடைக்கும் ராயல்டி இல்லை. ஆனால் தூளை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். வெளியில் கிலோ 350 ரூபாய்க்குக் கிடைக்கும் தரம், அவர்கள் விலை 620. தினம் இரண்டு கிலோ ஓடும் கடையில் மாதம் 16,200 ரூபாய் அதிகம். மாத விற்பனை இரண்டரை லட்சம். கணக்குப் பார்த்தால் ஆறரை சதவீத ராயல்டிதான்!

ஒருநாள் ஸ்டாக் வரவில்லை என்று தம்பி பக்கத்துக் கடையில் அரைக் கிலோ வாங்கினான். ஆய்வுக்கு வந்தவர் குப்பைத் தொட்டியைக் கிளறி, அந்தக் காலிப் பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்துப் படம் பிடித்தார். அபராதம் 10,000. சரக்கு அனுப்பாதது அவர்கள்தான் என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை.

முன்னாள் ஏரியா மேனேஜர்
இந்தத் தொழிலில் கம்பெனி பக்கம் இருந்தவன் நான். உடுமலைவாசி, அந்த 40 சதவீதம் பெரும்பாலும் சரக்கு விலையை மட்டும் கழித்த கணக்கு, அதையும் குறைத்துக் காட்டியிருப்பார்கள். மசாலா தடவிய சிக்கன், பன், எண்ணெய், டப்பா எல்லாம் கம்பெனி விலைக்கு வாங்கி, வீணாவதையும் சேர்த்தால் பாதிக்கு மேல் போகும். 52 சதவீதம் என்று வையுங்கள். அவர்கள் சொன்ன 10,000 அப்படியே விற்றாலும் மாதம் 3 லட்சத்தில் சரக்குக்கு 1,56,000. வாடகை 25,000, மூன்று ஆட்களுக்கு 45,000, கரண்டும் கேஸும் 16,000. மூன்றில் ஒரு பங்கு டெலிவரி ஆப் வழியாகப் போனால் அதற்கு நாலில் ஒரு பங்கு கமிஷன், 25,000. மிச்சம் 33,000. இதில் உங்கள் உழைப்புக்குச் சம்பளம் இல்லை.

கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி, 72,000. ஹோட்டலுக்கு 5 சதவீத வரி முறையில் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆக மொத்த முதலீடு 12,72,000. அதை 33,000 ஆல் வகுத்தால் 38 மாதத்துக்கு மேல் ஆகிறது. ஒப்பந்தமோ 36 மாதம். பணம் திரும்பும் முன்பே புதுப்பிக்கும் கட்டணம் கேட்பார்கள். விற்பனை 7,000 ஆக இறங்கினால் கையில் ஒன்றுமே நிற்காது.

அவர்கள் சொல்லும் விற்பனையை நீங்களே சோதிக்கலாம். ஓடுகிற ஒரு கிளையில் கடை திறந்ததும் ஏதாவது வாங்குங்கள், மூடும் நேரத்தில் இன்னொன்று வாங்குங்கள். இரண்டு பில் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைய பில்கள். ஞாயிறு மட்டும் போதாது, செவ்வாயும் போக வேண்டும். அப்புறம் டோக்கன் தருவதற்கு முன்னால் சரக்கு விலைப் பட்டியலையும், விலையை எப்போது எவ்வளவு ஏற்றலாம் என்ற ஷரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாள் முன்பே விவரப் பத்திரம் தந்தாக வேண்டும். இங்கே ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை, கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

பவானி ஆறு
சரி, 52 சதவீதம் எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தாது. என் மச்சான் ஐஸ்கிரீம் கடையில் சரக்கு அதைவிடக் குறைவு.

முன்னாள் ஏரியா மேனேஜர்
பொருந்தாதுதான். அதனால்தான் விலைப் பட்டியலைக் கேட்கச் சொன்னேன். மச்சானிடம் மழைக்கால விற்பனையையும் கேளுங்கள்.

கரூர் மெஸ்
அண்ணே, எங்கள் மெஸ்ஸுக்கு மூன்று பேர் ஃபிரான்சைஸ் கேட்கிறார்கள். எவ்வளவு கட்டணம் வாங்கலாம்?

தேநீர்ப் பிரியை
கட்டணம் இருக்கட்டும், மசாலாவை அவர்களுக்கு என்ன விலைக்குத் தரப் போகிறீர்கள்?

உடுமலைவாசி
செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சிக் கிளைக்குப் போய்ப் பில் எண் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பில் எண் தினமும் ஒன்றிலிருந்து தொடங்கும் கடையாக இருந்தால் கடைசிப் பில் மட்டும் போதும்தானே?