போட்டோவில் வந்த திருமணச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு: உங்கள் அனுபவம் என்ன?

முகில்:
தங்கையின் கணவர் அமெரிக்காவில் குடியுரிமை பெற்றவர், அவளுக்காக ஐ-130 குடியேற்ற மனு போடுகிறார். கல்யாணச் சான்றிதழ் முழுக்கத் தமிழில். மொழிபெயர்த்து வாங்கி, அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி “ஒரு தடவை பார்த்துடுண்ணா” என்றாள். பெயரெல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருந்தது, எழுத்துப்பிழை இல்லை, கீழே மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் கையெழுத்தும்கூட இருந்தன. சரி என்று அனுப்பப் போன நேரத்தில்தான் வயது என்ற இடத்தில் கண் நின்றது. 18 என்று இருக்கிறது. பிறந்த தேதி 20 ஜூன் 1994. திருமணம் 9 மார்ச் 2012. கணக்குப் போட்டால் அன்றைக்கு அவளுக்கு 17தான்! கல்யாணத்தில் நானே நின்றிருக்கிறேன், அது செப்டம்பர் மாதம். தமிழ் மூலத்தின் போட்டோவைத் திறந்தால் 03.09.2012. அதை அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் என்று படித்து மார்ச் 9 ஆக்கிவிட்டார். பதிவு செய்த நாள் 11.10.2012, அதுவும் நவம்பர் 10 ஆகியிருந்தது. பிறந்த தேதி மட்டும் எப்படித் தப்பியது என்றால், 20 என்று ஒரு மாதம் கிடையாதே. அந்தத் தாள் அப்படியே போயிருந்தால் மைனர் கல்யாணம் மாதிரியல்லவா தெரிந்திருக்கும். இன்னும் அதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பாலா74:
இதுக்குத்தான் நோட்டரி முத்திரை வைத்து வாங்கணும் என்பது. நோட்டரி இல்லாத மொழிபெயர்ப்பை எந்த நாட்டிலும் தொட மாட்டார்கள். என் மகனுக்கு நான் அப்படித்தான் செய்தேன், ஒரு கேள்வி வரவில்லை.

ரமணி:
பாலா சார், கொஞ்சம் பொறுங்கள். நான் இந்த வேலையில் இருப்பவள். நோட்டரி பார்ப்பது கையெழுத்து போட்டவர் யார் என்பதை. மார்ச்சா செப்டம்பரா என்று அவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, பல நோட்டரிகளுக்கு மூல மொழியே தெரிந்திருக்காது. முகில் சொன்ன தாளில் நோட்டரி முத்திரை இருந்திருந்தாலும் அதே தப்பு அதே இடத்தில் இருந்திருக்கும். அமெரிக்கக் குடியேற்றத் துறை கேட்பது இவ்வளவுதான்: முழு ஆவணத்தின் மொழிபெயர்ப்பு, அது முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் தரும் உறுதி, இரண்டு மொழியும் தெரிந்து மொழிபெயர்க்கத் தகுதி உள்ளவர் என்ற உறுதி. நோட்டரி கேட்பதில்லை. பிரிட்டனில் விசாவுக்கு என்றால் தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகியவையும் வேண்டும்.

முகில், நீங்கள் செய்த சோதனைதான் சரி. பெயரை எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் ஒரு சான்றிதழுக்குள்ளேயே எண்கள் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும்: பிறந்த தேதியும் வயதும், நிகழ்வு நாளும் பதிவு நாளும். பதிவு நாள் நிகழ்வுக்கு முந்தியதாக வந்தால் நிச்சயம் எங்கோ தப்பு. உங்கள் விஷயத்தில் இரண்டு தேதியும் ஒரே மாதிரி புரண்டதால் அந்த வரிசை கெடவில்லை, வயது மட்டும்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது. மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லி வாங்குங்கள், 03/09 என்று எண்ணாக இருந்தால் படிப்பவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்.

குறிஞ்சி:
எனக்கும் இதே பிரச்சினைதான். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு, பாஸ்போர்ட்டில் சரியாக இருக்கிறது. மொழிபெயர்ப்பில் திருத்தித் தரச் சொன்னால் அவர் முடியாது என்கிறார். பணம் வாங்குகிறார், ஒரு எழுத்து மாற்ற மாட்டாராம். இப்படி யாருக்காவது ஆனதா? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ரமணி:
குறிஞ்சி, அவர் சொல்வது சரி. மூலத்தில் உள்ளதை அப்படியே தருவேன் என்றுதான் அவர் கையெழுத்து போடுகிறார். திருத்தினால் அந்த உறுதிமொழியே பொய். சான்றிதழ் கொடுத்த பதிவாளரிடம்தான் திருத்தம் கேட்கவேண்டும். திருத்தம் சில சமயம் ஓரக் குறிப்பாக வரும், அதையும் மொழிபெயர்க்கவேண்டும்.

குறிஞ்சி:
அதற்கு அலைய எனக்கு நேரமில்லை. சரி, பார்க்கிறேன்.

நெடுஞ்சாலை:
நான் ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே கல்யாணப் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். தெரிந்த ஒருவர் அருமையாக மொழிபெயர்த்துக் கொடுத்தார், ஒரு தப்பு கிடையாது. கவுன்டரில் இருந்த அம்மா அதைப் படிக்கவே இல்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டினார், வட்ட முத்திரை இல்லை, அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரைதான் அவருக்குத் தேவை. அப்படி ஒருவரைப் பிடித்தால் அவர், “போட்டோவிலிருந்து செய்தால் மூலத்தைப் பார்க்கவில்லை என்று எழுதிவிடுவேன், அலுவலகம் ஏற்காமல் போகலாம்” என்கிறார். ஊரிலிருந்து மூலத்தையே வரவழைத்தேன்.

பாலா74:
பார்த்தீர்களா, முத்திரை வேண்டும் என்றுதானே நானும் சொன்னேன்.

ரமணி:
அது நோட்டரி முத்திரை இல்லை சார்! மொழிபெயர்ப்பாளரையே அரசு அங்கீகரித்திருக்கிறது, அது வேறு. அமெரிக்காவில் உறுதிமொழி போதும், ஜெர்மனியில் ஆள் யார் என்பதே முக்கியம். அதனால் எந்த அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோமோ அவர்களிடமே முதலில் கேட்டுவிடுங்கள்: யார் மொழிபெயர்க்கலாம், மூலம் வேண்டுமா ஸ்கேன் போதுமா, சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று அரசு தரும் அப்போஸ்டில் வேண்டுமா என்று. அப்போஸ்டில் வேண்டுமானால் அதை முதலில் வாங்குங்கள். சில இடங்களில் அந்தத் தாளையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள், பிந்தினால் இரண்டு முறை பணம்.

போட்டோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை, பரவாயில்லை. மடிப்பு ஓடும் இடத்தில் 1, 7 மாறும். முத்திரை விழுந்த இடத்தில் 3, 8 மாறும். ஓரம் வெட்டுப்பட்டால் போவது பெரும்பாலும் கடைசிக் குறிப்பு வரிதான். பின்பக்கத்தை எடுக்கவே மாட்டார்கள், அங்கே ஒரு முத்திரையும் கையெழுத்தும் இருக்கும். கட்டம் போட்ட சான்றிதழை மொபைல் கேமரா செயலியில் காட்டினால் இரண்டு கட்டத்து வரிகள் ஒன்றாக ஓடி, அம்மா பெயர் அப்பா கட்டத்துக்குப் போகும், ஆங்கிலம் மட்டும் சுத்தமாக இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள, படிவம் நிரப்ப அது போதும். கொடுப்பதற்கு ஆகாது. நல்ல மொழிபெயர்ப்பில் காலிக் கட்டமும் காலி என்று குறிக்கப்பட்டிருக்கும், முத்திரை, கையெழுத்து இருக்கும் இடமும், படிக்க முடியாத இடமும் அடைப்புக்குறியில் சொல்லப்பட்டிருக்கும். மூலத்தில் எத்தனை வரி தகவல் இருக்கிறதோ அத்தனையும் இங்கே இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

வேப்பமரம்:
என் மாமா இங்கிலீஷ் வாத்தியார். அமெரிக்காவுக்கு அவரே மொழிபெயர்த்துக் கையெழுத்து போட்டால் ஆகுமா?

ரமணி:
விதியில் தகுதி என்றுதான் இருக்கிறது, லைசென்ஸ் கேட்கவில்லை. ஆனால் சொந்தக்காரர் என்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வர இடம் கொடுப்பானேன் என்பது என் எண்ணம்.

பாலா74:
என் மகனுக்கு என் தம்பிதான் செய்தான். ஒன்றும் ஆகவில்லை.

ரமணி:
ஆகாமல் போனது நல்லதுதான் சார்.

முகில்:
திருத்தி வாங்கிவிட்டேன். மொழிபெயர்த்தவர் பேனாவால் அடித்து மாற்றித் தருகிறேன் என்றார், ஒப்புக்கொள்ளவில்லை. உறுதிமொழியோடு புதுத் தாளாகவே கேட்டேன், கொடுத்தார். 3 செப்டம்பர், 11 அக்டோபர் என்று எழுத்தில் இருக்கிறது. ரமணி அக்கா சொன்னதும் தங்கையிடம் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அங்கே ஒரு முத்திரையும் கையால் எழுதிய ஒரு வரியும் இருக்கின்றன, இரண்டும் மொழிபெயர்ப்பில் இல்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன்.