விண்டோஸ் 11: இன்னும் ரிப்பேர் பார்க்கலாமா, ஃபார்மட் போடலாமா?

விஜி_டியூஷன்: மூன்று வாரமாக அப்டேட் பாதி வரை போய்த் திரும்பி வந்துவிடுகிறது. ஸ்டார்ட் மெனு திடீரென்று திறப்பதில்லை. sfc /scannow ஓட்டினால் சில ஃபைல்களைச் சரிசெய்ய முடியவில்லை என்று முடிகிறது. இன்டெல் 11ஆம் தலைமுறை ஐ5, 512 ஜிபி எஸ்எஸ்டி. கடைக்காரர் ஃபார்மட் போடச் சொல்கிறார். இன்னும் முயன்று பார்க்கலாமா?

செந்தில்_ஆர்: ஃபார்மட் போடுங்கள். நான் வருடத்துக்கு ஒரு முறை போடுகிறேன், இரண்டு மணி நேர வேலை. நீங்கள் ஏற்கெனவே மூன்று வாரத்தை விட்டுவிட்டீர்கள். வேண்டியதையெல்லாம் டி டிரைவுக்கு மாற்றிவிட்டு சி-யை மட்டும் அழியுங்கள், போதும்.

மணி_சர்வீஸ்: அவசரப்படாதீர்கள். sfc நல்ல பிரதியை விண்டோஸ் தனக்குள் வைத்திருக்கும் ஒரு சேமிப்பிலிருந்துதான் எடுக்கிறது. அந்தச் சேமிப்பே கெட்டிருந்தால் sfc பத்து முறை ஓடினாலும் இதே பதில்தான் வரும். முதலில் சேமிப்பைச் சரிசெய்து, பிறகு sfc ஓட்ட வேண்டும். அட்மின் உரிமையோடு திறந்த கமாண்ட் விண்டோவில்:

```
DISM /Online /Cleanup-Image /RestoreHealth
sfc /scannow
```

அதிலும் சரியாகவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் ஐஎஸ்ஓவைத் திறந்து, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே setup.exe-ஐ இயக்குங்கள். ஃபைல்கள், புரோகிராம்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தால் விண்டோஸ் மட்டும் புதிதாக மேலே அமரும். இப்போது இருக்கும் அதே மொழி, அதே எடிஷன் ஐஎஸ்ஓவாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் தோற்றால் நானும் அங்கேயே நிறுத்திவிடுவேன். மூன்றாவது முயற்சி என்று ஒன்று என்னிடம் கிடையாது.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் எஸ்எஸ்டியையும் ரேமையும் பாருங்கள். ஃபைல்கள் கெடுவதற்கு அவை காரணம் என்றால், இன்று போடும் புதிய விண்டோஸும் ஒரு மாதத்தில் இதே நிலைக்கு வரும். CrystalDiskInfo-வில் Good தவிர வேறு எது காட்டினாலும் முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள். mdsched.exe ரேமைச் சோதிக்கும்.

செந்தில், டி டிரைவ் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த லேப்டாப்பில் இருப்பது ஒரே எஸ்எஸ்டி என்றால் சி-யும் டி-யும் அதன் இரண்டு துண்டுகள்தான். இன்ஸ்டால் திரையில் பார்ட்டிஷன்கள் வெறும் எண்ணாக வரிசையில் நிற்கும். Delete ஒன்று தவறிப் போனால் டி-யும் போய்விடும்.

செந்தில்_ஆர்: பத்து வருடமாக எனக்குத் தவறியதில்லை அண்ணா. ஆனாலும் முதல் முறை செய்பவருக்கு நீங்கள் சொல்வது சரிதான், வெளி டிஸ்க்கிலேயே எடுக்கட்டும். மற்றபடி வைரஸ் என்று சந்தேகம் இருந்தால் இந்த ரிப்பேர் வழியெல்லாம் வேண்டாம்தானே?

மணி_சர்வீஸ்: அதில் மறுபேச்சே இல்லை. வைரஸ் உள்ளே இருந்தது என்று தெரிந்தால் DISM, sfc எதுவும் பார்க்காமல் முழுதாக அழித்துவிட வேண்டும்.

கோகிலா_திருச்சி: இதே 11ஆம் தலைமுறை லேப்டாப்தான் என்னிடமும். கடையில் பயாஸில் ஏதோ மாற்றினார்கள். அடுத்த முறை ஆன் செய்ததும் நீலத் திரையில் 48 இலக்க பிட்லாக்கர் சாவி கேட்டது. நான் பிட்லாக்கர் என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். லேப்டாப்பை முதலில் அமைத்துக்கொடுத்தது என் தம்பி. சாவி அவனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. விஜி, எதையும் தொடுவதற்கு முன் அந்தச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. நீங்கள் டியூஷன் எடுப்பவர் என்பதால் சொல்கிறேன். பழைய கேள்வித்தாள்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால் வேர்ட் ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால் போதாது. எழுத்துருவையும் எடுங்கள். அது இல்லாத கணினியில் முழுத் தாளும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

அரவிந்த்_கே: எஸ்எஸ்டியை 1 டிபியாக மாற்றினால் இந்த வேகப் பிரச்சினை தீரும். என்னுடையது மாற்றிய பிறகு பறக்கிறது.

விஜி_டியூஷன்: அரவிந்த் சார், வேகத்தில் குறை இல்லை, அப்டேட்தான் ஏறவில்லை. மணி அண்ணா சொன்ன வரிசையில் செய்தேன். எஸ்எஸ்டி Good, 94%. ரேம் சோதனையில் பிழை இல்லை. DISM 0x800f081f என்று நின்றது. ஐஎஸ்ஓ வழியாகப் போட்டது பாதியில் ரீஸ்டார்ட் ஆகிப் பழையதற்கே திரும்பிவிட்டது. மீட்புச் சாவியை எழுதி வைத்துவிட்டேன். கேள்வித்தாள்கள், படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் 61 ஜிபி வெளி டிஸ்க்கில் ஏறிவிட்டது. அழித்துவிடலாமா?

மணி_சர்வீஸ்: 0x800f081f என்றால் பழுதுக்குப் பதில் வைக்க வேண்டிய ஃபைல் அதற்குக் கிடைக்கவில்லை. ஐஎஸ்ஓவை மூலமாகக் காட்டி இன்னொரு முறை ஓட்ட வழி உண்டு. ஆனால் மேலே போட்டதும் தோற்ற பிறகு நான் அதற்கு நேரம் கொடுக்க மாட்டேன். அழிக்கலாம். அதற்கு முன் அந்த வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் சொருகி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் இரண்டு மூன்று ஃபைலைத் திறந்து பாருங்கள். காப்பி முடிந்தது என்று திரை சொன்னதை நம்பி அழித்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் கணக்கோடு சிங்க் ஆகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அப்புறம் டிரைவர். உங்கள் தலைமுறைக்கு இது முக்கியம். Device Manager-இல் Storage controllers பகுதியைத் திறங்கள். அங்கே VMD என்ற பெயர் இருந்தால், இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டியே பட்டியலில் வராமல் போகலாம். டிஸ்க் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதைப் பார்க்கும் டிரைவர் இன்ஸ்டாலரிடம் இல்லை, அவ்வளவுதான். இப்போதே பென்டிரைவில் drivers என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஓடும் விண்டோஸிலிருந்து எடுத்து வையுங்கள் (E: என்பது உங்கள் பென்டிரைவின் எழுத்து):

```
pnputil /export-driver * E:\drivers
```

செந்தில்_ஆர்: அதற்கு ஏன் இவ்வளவு சுற்று? பயாஸில் விஎம்டியை அணைத்தால் எஸ்எஸ்டி தெரியும். பழைய டிரைவர்களை எடுத்து வந்தால் பழைய நோயையும் சேர்த்துத்தானே கொண்டு வருகிறீர்கள்?

மணி_சர்வீஸ்: இரண்டாவது கேள்வி நியாயமானது. எடுத்து வைத்ததில் எஸ்எஸ்டி, வைஃபை இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள். மற்றவை விண்டோஸ் அப்டேட்டில் வரும். டச்பேட், கிராஃபிக்ஸ் தகராறு செய்தால் தயாரிப்பாளர் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். விஎம்டியை அணைப்பதை நான் விரும்புவதில்லை. சில லேப்டாப்களில் அந்தத் தேர்வே இருக்காது. இருந்தாலும், அணைத்த பிறகு பழைய விண்டோஸ் எழாமல் போகலாம், கோகிலாவுக்கு நடந்தது போலச் சாவியும் கேட்கலாம்.

செந்தில்_ஆர்: எப்படியும் அழிக்கப்போகிற விண்டோஸ் எழாவிட்டால் என்ன? பேக்கப்பைச் சரிபார்த்த பிறகு அணைத்தால் ஒரு இழப்பும் இல்லை. நான் அப்படித்தான் செய்வேன்.

விஜி_டியூஷன்: போட்டுவிட்டேன். நல்லவேளை, தங்கை லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு ஃபோல்டரில் பாதி ஃபைல்தான் இருந்தது. மறுபடி காப்பி எடுத்தேன். மணி அண்ணா சொன்னபடியே டிஸ்க் பட்டியல் காலியாக வந்தது. Load driver கொடுத்து iaStorVD.inf இருந்த ஃபோல்டரைக் காட்டியதும் எஸ்எஸ்டி வந்துவிட்டது. நெட்வொர்க் திரையில் வைஃபை தெரியவில்லை. போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. லைசென்ஸ் சாவி கேட்ட இடத்தில் சாவி இல்லை என்று தாண்டி, பழைய ஹோம் எடிஷனையே தேர்ந்தெடுத்தேன். நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. அப்டேட் நான்கு நாளாக ஒழுங்காக ஏறுகிறது.

ஆனால் முதலில் எதனால் கெட்டது என்று இன்னும் புரியவில்லை. ஜனவரியில் ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஒன்று போட்டிருந்தேன்.

செந்தில்_ஆர்: அதுதான். மறுபடி போடாதீர்கள்.

மணி_சர்வீஸ்: ரெஜிஸ்ட்ரி கிளீனர் அந்தச் சேமிப்பிலிருந்த ஃபைல்களைக் கெடுத்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. அப்டேட் ஓடும்போது பேட்டரி தீர்ந்து அணைந்ததா, நினைவிருக்கிறதா?

விஜி_டியூஷன்: இரண்டு முறை அணைந்திருக்கிறது அண்ணா. அது அப்டேட் நேரமா என்று தெரியவில்லை.